சாயுயரமா, செங்குத்துயரமா? கூம்பு, கோளக் கணக்குகளை முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்

ஒரு கூம்பின் ஆரம் 5 செ.மீ., சாயுயரம் 13 செ.மீ. அதன் கன அளவு என்ன? மேல்நிலை வகுப்புப் பயிற்சித்தாளில் இப்படி ஒரு கணக்கு வந்தால், பாதிப் பேர் 13ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டு 325π/3 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 100π. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8 சதவீதம்தான். விடை நூறு மடங்கு பெரிதாக வந்திருந்தால் எங்கோ தப்பு என்று உடனே உறைத்திருக்கும். இது கேட்பதற்கு நியாயமான எண்ணாக இருப்பதால், போட்டவருக்கு ஒரு சந்தேகமும் வராது. தாளைத் திருத்துகிறவருக்குத்தான் தெரியும்.

கூம்பு, கோளம் பற்றிய சூத்திரங்கள் மொத்தமே ஐந்தாறுதான். அவற்றை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. மதிப்பெண் போகிற இடம், எந்த நீளத்தை எந்தச் சூத்திரத்தில் போடுவது என்பது. அதனால் நீளங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை: முக்கோணத்தை வரைவது

கூம்பின் உச்சியிலிருந்து ஒரு எறும்பு நேராக அடிவிளிம்புக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்கிற தூரம் சாயுயரம், l. அதே உச்சியிலிருந்து ஒரு நூலில் குண்டு கட்டிக் கூம்புக்கு உள்ளே தொங்கவிட்டால், அது அடிவட்டத்தின் மையத்தைத் தொடும். அந்த நூலின் நீளம் செங்குத்துயரம், h. வெறுமனே 'உயரம்' என்று கணக்கில் சொன்னால் அது இதுதான். மையத்திலிருந்து விளிம்பு வரை ஆரம், r.

கெட்டியான ஒரு கூம்பைக் கையில் கொடுத்தால், அளவுகோலை மேற்பரப்பில் சாய்த்து வைத்து l ஐ அளந்துவிடலாம். h அப்படியில்லை. அது உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பின்னால் வருவது எல்லாம் எளிது: l மேற்பரப்பில் கிடக்கிற நீளம், h உள்ளே நிற்கிற நீளம்.

கணக்கைப் படித்ததும் கூம்பு முழுவதையும் அழகாக வரைய வேண்டியதில்லை. கூம்பை உச்சி வழியாக இரண்டாகப் பிளந்தால் வெட்டுமுகம் ஓர் இருசமபக்க முக்கோணம். அதில் பாதி, ஒரு செங்கோண முக்கோணம். அதை மட்டும் வரைந்தால் போதும். கீழே r, நிமிர்ந்து h, சாய்ந்து l. செங்கோணம் அடிவட்டத்தின் மையத்தில் இருக்கிறது. ஆகவே l கர்ணம்:

l² = r² + h²

கர்ணம் என்பதால் மூன்றிலும் l தான் பெரியது. h ஐவிடவும் பெரியது, r ஐவிடவும் பெரியது. r, h இரண்டில் எது பெரியது என்பதற்கு விதி இல்லை. தட்டையான கூம்பில் r பெரிதாக இருக்கும், ஊசியான கூம்பில் h பெரிதாக இருக்கும். உங்கள் கணக்கில் l ஐவிட h பெரிதாக வந்துவிட்டால், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. 3-4-5, 5-12-13, 7-24-25, 8-15-17 போன்ற மூன்றுகளை நாம் நன்றாகப் பழகிவிட்டோம். அதனால் ஆரம் 5, இன்னொரு நீளம் 12 என்று பார்த்ததுமே கை தானாக 13 என்று எழுதிவிடுகிறது. அந்த 12 சாயுயரமாக இருந்தால்? அப்போது h = √(144 − 25) = √119, ஏறத்தாழ 10.91. விடை அழகான முழு எண்ணாக வரவில்லை என்பதற்காகக் கணக்கைச் சந்தேகப்பட வேண்டாம். 12 எந்தப் பக்கம் என்பதை மட்டும் சந்தேகப்படுங்கள்.

படத்தோடு வரும் கணக்குகளில் இதைக் கண்டுபிடிக்க, நீளத்தைக் குறிக்கும் கோட்டின் கீழ்முனை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அடிவட்டத்தின் நடுவில் நின்றால் h; விளிம்பில் நின்றால் l. சில படங்களில் உயர அம்புக்குறியைக் கூம்புக்கு வெளியே, பக்கத்தில் நிமிர்த்திப் போட்டிருப்பார்கள். நிமிர்ந்து நின்றால் அதுவும் h தான்.

வளைபரப்பில் ஏன் l வருகிறது

காகிதக் கூம்பு ஒன்றை எடுத்து, உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரே நேர்கோட்டில் வெட்டி மேசைமேல் விரியுங்கள். கிடைப்பது ஒரு வட்டக்கோணப்பகுதி. அதன் ஆரம் எது? வெட்டிய கோட்டின் நீளம்தான், அதாவது l. அதன் வில் எது? கூம்பின் அடிவிளிம்பாக இருந்ததுதான் இப்போது வில்லாகக் கிடக்கிறது. ஆக வில்லின் நீளம் 2πr.

வட்டக்கோணப்பகுதியின் பரப்பு = ½ × வில்லின் நீளம் × ஆரம். ஆகவே,

வளைபரப்பு = ½ × 2πr × l = πrl

விரித்த காகிதத்தில் h எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேற்பரப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு h தேவைப்படவில்லை. அடித்தட்டும் இருந்தால் அதன் πr² ஐயும் சேர்த்து, மொத்தப் புறப்பரப்பு πr(l + r). கூடாரம், புனல், காகிதத் தொப்பி என்று வந்தால் அடித்தட்டு இல்லை, சேர்க்கக் கூடாது.

பயிற்சித்தாளில் இதையே திருப்பிக் கேட்பார்கள். 15 செ.மீ. ஆரமும் 216° மையக்கோணமும் கொண்ட வட்டக்கோணப்பகுதியைச் சுருட்டிக் கூம்பாக்கினால் அதன் கன அளவு என்ன? இங்கே 'ஆரம்' என்ற சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். அது காகிதத்தின் ஆரம். கூம்பின் ஆரம் அல்ல. சுருட்டிய பிறகு அந்த 15, கூம்பின் சாயுயரமாக மாறுகிறது.

வில்லின் நீளம் = (216/360) × 2π × 15 = 18π. இதுதான் கூம்பின் அடிச்சுற்றளவு, அதாவது 2πr = 18π. எனவே r = 9. முக்கோணம் வரைந்தால் கர்ணம் 15, அடி 9, ஆகவே h = √(225 − 81) = 12. கன அளவு = ⅓ × π × 81 × 12 = 324π கன செ.மீ., ஏறத்தாழ 1017.9.

சரிபார்க்க ஒரு வழி இங்கேயே கிடைக்கிறது. காகிதத்தின் பரப்பு (216/360) × π × 225 = 135π. கூம்பின் வளைபரப்பு π × 9 × 15 = 135π. சுருட்டினால் காகிதம் கூடவோ குறையவோ செய்யாது, அதனால் இரண்டும் ஒன்றாக வந்தே ஆக வேண்டும்.

கன அளவில் ஏன் h வருகிறது

வட்டமான அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப் போகச் சிறிதாகும்படி அடுக்கிக் கூம்பு செய்ததாக நினையுங்கள். அந்த அடுக்கின் பருமன், அட்டைகளின் பரப்பையும் எத்தனை அட்டைகள் நிமிர்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. இப்போது அடுக்கை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். உச்சி ஓரத்துக்கு நகர்ந்து, கூம்பு சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கத்தின் சரிவு நீண்டுவிட்டது, மறுபக்கம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஓர் அட்டைகூடக் கூடவில்லை. கன அளவு மாறவில்லை. சரிவு, உயரம் இரண்டில் மாறாமல் இருந்தது h மட்டுமே. கன அளவுச் சூத்திரத்தில் h நிற்பதற்குக் காரணம் இதுதான். (வளைபரப்புக்கான πrl, உச்சி மையத்துக்கு நேர்மேலே இருக்கும் நேர்வட்டக் கூம்புக்கு மட்டுமே செல்லும். சாய்ந்த கூம்பில் சாயுயரம் என்று ஒரே ஒரு நீளமே கிடையாது.)

⅓ எங்கிருந்து வந்தது என்பதையும் இதே அட்டைகளை வைத்துப் பார்க்கலாம். உச்சியிலிருந்து x ஆழத்தில் உள்ள அட்டையின் ஆரம் rx/h. அதன் பரப்பு πr²x²/h². x ஐ 0 முதல் h வரை கொண்டுபோய்த் தொகையிட்டால் x² என்பது h³/3 ஆகிறது. கடைசியில்,

V = ⅓πr²h

தொகையீடு இன்னும் படிக்காதவர்கள், அதே ஆரமும் அதே உயரமும் கொண்ட உருளையை நிரப்ப அந்தக் கூம்பால் மூன்று முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இதிலும் கவனிக்க வேண்டியது 'அதே உயரம்' என்பது. உருளையும் கூம்பும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கூம்பின் சாயுயரத்துக்குச் சமமாக உருளையை எடுத்தால் அது கூம்பைவிட உயரமாக நிற்கும். மூன்று முறை ஊற்றினாலும் நிரம்பாது.

கோளத்தில் இந்தக் குழப்பம் ஏன் இல்லை

கோளத்துக்கு ஒரே ஒரு நீளம்தான், ஆரம். அதனால் சாயுயரமா செங்குத்துயரமா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆனால் கோளத்தின் சூத்திரம் கூம்பிலிருந்தே பிறக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

ஆரம் r, உயரமும் r கொண்ட ஓர் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். கூம்பின் உச்சி உருளையின் அடிமையத்தில், கூம்பின் வாய் உருளையின் மேல்விளிம்பில். பக்கத்தில் அதே ஆரம் கொண்ட ஓர் அரைக்கோளத்தைத் தட்டை முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டையும் தரையிலிருந்து x உயரத்தில் கிடையாக வெட்டுங்கள்.

அரைக்கோளத்தின் வெட்டுமுகம் ஒரு வட்டம். அதன் ஆரம் √(r² − x²), பரப்பு π(r² − x²). குடைந்த உருளையின் வெட்டுமுகம் ஒரு வளையம். வெளி ஆரம் r. கூம்பின் உயரமும் ஆரமும் சமம் என்பதால் x உயரத்தில் குழியின் ஆரம் சரியாக x. வளையத்தின் பரப்பு πr² − πx². இரண்டும் ஒன்றே. எந்த உயரத்தில் வெட்டினாலும் ஒன்றே என்பதால் இரண்டு உருவங்களின் கன அளவும் சமம்:

அரைக்கோளம் = πr³ − ⅓πr³ = ⅔πr³

கோளம் இதன் இரு மடங்கு, (4/3)πr³. புறப்பரப்புக்கு இன்னொரு சின்ன யோசனை போதும். கோளத்தின் மேற்பரப்பை மிகச் சிறிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மையத்தோடு இணைத்தால், மையத்தில் உச்சி கொண்ட எண்ணற்ற குட்டிக் கூம்பகங்கள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் உயரம் r. அடிப்பரப்புகளைக் கூட்டினால் கோளத்தின் புறப்பரப்பு S. ஆகவே ⅓ × S × r = (4/3)πr³. இதிலிருந்து S = 4πr².

இந்த உறவைத் தவறவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஆரியபட்டரே சாட்சி. 499இல் எழுதிய ஆரியபட்டீயத்தில், வட்டத்தின் பரப்பை அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கோளத்தின் கன அளவு என்கிறார். அது 1.77πr³ அளவுக்கு வரும். உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் லீலாவதியில் இதைச் சரியாகச் சொல்கிறார்: வட்டத்தின் பரப்பை நான்கால் பெருக்கினால் கோளத்தின் புறப்பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு. போட்டுப் பாருங்கள், 4πr² × 2r ÷ 6 என்பது (4/3)πr³ தான்.

அரைக்கோளத்தில் ஒரு எச்சரிக்கை. வளைபரப்பு மட்டும் என்றால் 2πr². தட்டை முகமும் சேர்ந்தால் 3πr². '4πr² இல் பாதி' என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் அந்தத் தட்டை முகத்தை மறந்துவிடுகிறார்கள். கோளத்தை வெட்டியதால் புதிதாக உருவான முகம் அது.

ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம்

ஒரு திண்ம உருவம்: கீழே அரைக்கோளம், அதன் தட்டை முகத்தின்மேல் அதே ஆரமுள்ள கூம்பு. விட்டம் 10 செ.மீ., மொத்த உயரம் 17 செ.மீ. புறப்பரப்பும் கன அளவும் காண்க.

முதலில் விட்டத்தைப் பாதியாக்கி r = 5 என்று பெரிதாக எழுதி வையுங்கள். இதை மறந்தால் கோளத்தின் கன அளவு எட்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகும்.

அடுத்து, 17 என்பது கூம்பின் உயரம் அல்ல, சாயுயரமும் அல்ல. அது இரண்டு உருவங்களின் உயரங்களின் கூட்டுத்தொகை. அரைக்கோளத்தின் உயரத்தைத் தனியாகக் கேள்வியில் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது ஆரமே, 5. ஆக கூம்பின் h = 17 − 5 = 12.

இப்போது முக்கோணம்: அடி 5, நிமிர்ந்தது 12, ஆகவே l = √(25 + 144) = 13. மூன்றையும் தாளின் ஓரத்தில் வரிசையாக எழுதுங்கள்: r = 5, h = 12, l = 13. இதற்கு முன்னால் எந்தச் சூத்திரத்தையும் தொடாதீர்கள்.

புறப்பரப்புக்கு, உருவத்தை வண்ணத்தில் முக்கி எடுத்தால் எங்கெல்லாம் வண்ணம் ஒட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூம்பின் சரிவில் ஒட்டும்; அரைக்கோளத்தின் வளைவில் ஒட்டும். கூம்பின் அடித்தட்டும் அரைக்கோளத்தின் தட்டை முகமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. எனவே,

புறப்பரப்பு = πrl + 2πr² = 65π + 50π = 115π ≈ 361.3 ச.செ.மீ.

இரண்டு உருவங்களின் 'மொத்தப் புறப்பரப்பு'ச் சூத்திரங்களையும் கூட்டியிருந்தால் 90π + 75π = 165π வந்திருக்கும். கூடுதலாக வந்த 50π, கண்ணுக்கே தெரியாத இரண்டு வட்டங்கள்.

கன அளவுக்கு இந்தக் கவலை இல்லை. ஒட்டிய முகத்துக்குப் பருமன் கிடையாது, அதனால் கூட்டினால் போதும்:

கன அளவு = ⅓ × π × 25 × 12 + ⅔ × π × 125 = 100π + 250π/3 = 550π/3 ≈ 576.0 க.செ.மீ.

இந்த விடையைச் சரிபார்க்க ஒரு வழி. உருவம் முழுவதையும் சரியாக அடைக்கும் உருளையை நினையுங்கள்: ஆரம் 5, உயரம் 17, கன அளவு 425π. கூம்பு தன் பங்கு உருளையில் மூன்றில் ஒன்றை அடைக்கிறது, அரைக்கோளம் தன் பங்கில் மூன்றில் இரண்டை அடைக்கிறது. ஆக மொத்த விடை 425π இன் மூன்றில் ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் இருந்தே தீர வேண்டும். நமக்கு வந்தது ஏறத்தாழ 183.3π, அதாவது 0.43 பங்கு. சரி. ⅓ ஐ மறந்து 300π + 83.3π என்று போட்டிருந்தால் 0.9 பங்கு வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. h க்குப் பதிலாக l ஐப் போட்டிருந்தால் 0.45 பங்கு வரும். அதுவும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கும். h, l குழப்பத்தை விடையைப் பார்த்துப் பிடிக்க முடியாது, வரைந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். முக்கோணத்தை முதல் வேலை என்று சொன்னதற்குக் காரணம் இதுவே.

இதே உருவத்தைக் கொஞ்சம் மாற்றுவோம். அரைக்கோளத்தின் ஆரம் 5, மேலே நிற்கும் கூம்பின் ஆரம் 3, உயரம் 4. இப்போது கூம்பைச் சுற்றி ஒரு வளையம் வெளியே தெரிகிறது. அதிலும் வண்ணம் ஒட்டும். கூம்பின் l = 5. புறப்பரப்பு = 50π + 15π + (25π − 9π) = 81π. 'அதே ஆரம்' என்ற இரண்டு சொற்கள் கேள்வியில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் πrl + 2πr² என்று எழுதுகிறவர்கள் இந்த 16π ஐ இழக்கிறார்கள்.

ஒட்டாமல் குடைந்தாலோ இன்னொரு விதமாக மாறும். ஆரம் 5, உயரம் 12 கொண்ட உருளையில் அதே அளவுள்ள கூம்பைக் குடைந்து எடுத்தால் கன அளவு குறைகிறது: 300π − 100π = 200π. பரப்பு குறையாது. மேல்வட்டம் போய்விட்டது, ஆனால் குழியின் உட்சுவர் புதிதாகச் சேர்ந்தது: 120π + 25π + 65π = 210π. உருளையாக மட்டும் இருந்தபோது 170π. குடைந்தால் கழி என்ற பழக்கம் கன அளவுக்கு மட்டுமே பொருந்தும்.

உருக்கி வார்க்கும் கணக்கு

6 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தை உருக்கி, அதே ஆரமுள்ள கூம்பாக வார்க்கிறார்கள். கூம்பின் வளைபரப்பு என்ன?

உருக்கும்போது மாறாதது கன அளவு மட்டுமே. கோளத்தின் கன அளவு (4/3)π × 216 = 288π. கூம்பு: ⅓ × π × 36 × h = 288π. எனவே h = 24. ஆரம் ஒன்றாக இருந்தால் எப்போதுமே h = 4r என்று வரும். இங்கே பலர் மகிழ்ச்சியில் π × 6 × 24 என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கன அளவிலிருந்து வந்தது h. வளைபரப்புக்கு வேண்டியது l. நடுவில் முக்கோணம் இருக்கிறது: l = √(36 + 576) = √612 ≈ 24.74. வளைபரப்பு ≈ 148.4π ≈ 466.3 ச.செ.மீ.

கோளத்தின் புறப்பரப்பு 144π. கூம்பின் மொத்தப் புறப்பரப்போ அடித்தட்டின் 36π ஐயும் சேர்த்து ஏறத்தாழ 184.4π. அதே உலோகம்தான், தோல் மட்டும் விரிந்துவிட்டது. ஒரே கன அளவுள்ள எல்லா உருவங்களிலும் கோளத்துக்கே புறப்பரப்பு குறைவு. ஆகையால் உருக்கி வேறு உருவமாக்கிய கணக்கில் புதிய உருவத்தின் பரப்பு கோளத்தைவிடக் குறைவாக வந்தால், எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

√612 ஐ 24.7 என்று சுருக்கி எழுதிவிட்டு மேலே போக வேண்டாம். வர்க்கமூலத்தையும் π ஐயும் கடைசி வரி வரை அப்படியே கொண்டுபோய், கடைசியில் ஒரே முறை முழுமைப்படுத்துங்கள். π க்கு 22/7 போடச் சொன்னால் அதையும் கடைசியில்தான் போட வேண்டும்.

கொடுத்ததிலிருந்து கேட்டதற்கு

கேள்விகளைத் தலைகீழாகவும் கேட்பார்கள். வளைபரப்பும் ஆரமும் கொடுத்துக் கன அளவு கேட்டால், πrl இலிருந்து l, முக்கோணத்திலிருந்து h, அப்புறம் கன அளவு. உதாரணமாக வளைபரப்பு 136π, ஆரம் 8 என்றால் l = 17, h = 15, கன அளவு 320π. கன அளவும் ஆரமும் கொடுத்தால் அதே பாதையில் திரும்பி வர வேண்டும். சில தாள்களில் நீளத்துக்குப் பதிலாக, சரிவுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே உச்சியில் உள்ள கோணம் θ வைக் கொடுப்பார்கள். அதே முக்கோணம்தான்: sin θ = r/l, cos θ = h/l, tan θ = r/h. உச்சியின் முழுக்கோணத்தைக் கொடுத்திருந்தால் முதலில் பாதியாக்க வேண்டும்.

ஆரத்தைச் சொல்லாமல் கன அளவையும் சாயுயரத்தையும் மட்டும் கொடுத்தால்? l = 13, V = 100π என்று வைப்போம். r² = 169 − h² என்பதால் ⅓π(169 − h²)h = 100π. அதாவது h³ − 169h + 300 = 0. h = 12 ஒரு தீர்வு என்பது நமக்குத் தெரியும், நாம் தொடங்கிய கூம்பு அதுதான். (h − 12) ஐ வெளியே எடுத்தால் மீதி h² + 12h − 25 = 0. அதன் நேர்மறைத் தீர்வு h = √61 − 6, ஏறத்தாழ 1.81. அப்போது ஆரம் ஏறத்தாழ 12.87. தட்டுபோல் விரிந்து கிடக்கும் இந்தக் கூம்புக்கும் சாயுயரம் 13, கன அளவு 100π. இரண்டு கூம்புகளும் சரியானவை. இந்த இரண்டை மட்டும் தந்து ஒரே விடை கேட்கும் கேள்வியில், 'உயரம் ஆரத்தைவிடப் பெரியது' என்பது போல ஒரு குறிப்பு கட்டாயம் எங்கேயாவது இருக்கும். இல்லையென்றால் இரண்டு விடைகளையும் எழுதுங்கள்.